நிழலில் 32, கூரையில் 73

சித்திரை மாதத்து உச்சிவேளையிலே யாழ்ப்பாணத்து வீடொன்றின் விறாந்தையில் வெப்பமானியைத் தொங்கவிட்டால், அது 32 பாகை செல்சியஸ் காட்டுகின்றது என்று வைத்துக்கொள்வோம். அதே வேளையிற் குசினியின் மேலுள்ள கறுத்த தகரத்தைத் தொட்டால் கை சுட்டுவிடும். வெப்பமானி பொய் சொல்லவில்லை. கையும் பொய் சொல்லவில்லை. நிழலிலுள்ள வெப்பமானி காற்றின் சூட்டை மட்டுமே அளக்கின்றது. கூரையோ காற்றிலும் நிற்கின்றது, வெயிலிலும் நிற்கின்றது.

எமது வீட்டிலும் அத்தகைய குசினி ஒன்று இருந்தது. யன்னல்களைத் திறந்து வைத்தும், மின்விசிறியைச் சுழலவிட்டும், மத்தியானத்தில் அங்கு நின்று சமைத்தவர்களின் தலைவலி தீரவில்லை. அவர்களை வாட்டியது காற்றைக் காட்டிலும் தலைக்கு மேலிருந்த தகரமே. அது எவ்வளவு சூடாகும் என்பதைச் சிறிய கணக்கொன்றினால் அறியலாம்.

துளையுள்ள குடமொன்றிலே நீரை இடைவிடாது ஊற்றினால், வரவும் செலவும் சமமாகும் வரை நீர்மட்டம் உயர்ந்து, பின் அங்கேயே நிற்கும். கூரையின் வெப்பநிலையும் அத்தகையதே. ஏப்ரல் நடுப்பகுதியில் ஞாயிறு யாழ்ப்பாணத்தின் நேர் உச்சியில் நிற்கும். தெளிந்த வானத்தில், மட்டமான கூரையின் ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 900 வாற்று வெயில் விழும். ஒரு மின்னழுத்தி தரும் வெப்பத்துக்கு இது கிட்டத்தட்டச் சமம். கறுத்த தகரம் அதிற் பத்தில் ஒன்பது பங்கை, அதாவது 810 வாற்றை, உறிஞ்சிக்கொள்ளும். இது வரவு.

இனிச் செலவு. மெல்லிய காற்று வீசும்போது, கூரை காற்றிலும் ஒரு பாகை சூடேறுந்தோறும் சதுர மீற்றருக்குச் சுமார் 18 வாற்றைக் காற்றாலும் கதிர்வீச்சாலும் இழக்கும். 810ஐ 18ஆல் வகுத்தால் 45. ஆகவே காற்றிலும் 45 பாகை உயர்ந்த பின்னரே வரவும் செலவும் சமமாகும். வானம் காற்றிலும் குளிர்ந்தது. அதை நோக்கிக் கூரை மேலதிகமாக இழக்கும் வெப்பத்துக்காக ஒரு 4 பாகையைக் கழிப்பது வழக்கம். 32உடன் 45ஐக் கூட்டி 4ஐக் கழித்தால் 73 பாகை.

இந்த 73ஐயே பொறியியலாளர் சூரிய-வளி வெப்பநிலை என்பர். வெயிலே இல்லாமல் வெளிக்காற்று மட்டும் 73 பாகையில் இருந்தால் எவ்வளவு வெப்பம் கூரைக்குட் புகுமோ, அவ்வளவே இப்போதும் புகும் என்பது அதன் பொருள். அது கணக்குக்காக எண்ணிக்கொள்ளும் ஒரு காற்று. கீழ்ப்புறம் வெப்பம் கடவாதவாறு காக்கப்பட்ட கூரையின் மேற்பரப்பு ஏறத்தாழ அந்த அளவையே எட்டும். வெறுந் தகரமோ கீழேயுள்ள அறைக்கும் வெப்பத்தைக் கொடுப்பதால் அறுபதைச் சற்றுத் தாண்டி நின்றுவிடும். அந்த வெப்பமே கதிராக இறங்கி நம் தலையைத் தாக்குகின்றது. மின்விசிறி காற்றை அசைக்குமேயன்றி அக்கதிரைத் தடுக்காது.

இப்போது அதே தகரத்துக்கு வெள்ளையடித்துவிடுவோம். புதிய வெள்ளை வெயிலிற் காற்பங்கையே உறிஞ்சும். 900இற் காற்பங்கு 225; அதை 18ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. அதே முறையிற் கூட்டிக் கழிக்க, 73க்குப் பதிலாக நாற்பதரை பாகைதான் வருகின்றது. தகரமும் அதே, வெயிலும் அதே, காற்றும் அதே. மாறியது நிறம் ஒன்றே.

ஆயினும் இக்கணக்குக்கு எல்லைகள் உண்டு. காற்று ஓய்ந்தால் 18 என்ற எண் குறையும். கூரை இன்னும் சூடேறும். மாரிமழையிற் கரைந்தும் தூசி படிந்தும் வெள்ளை மங்கி, பாதி வெயிலை உறிஞ்சத் தொடங்கினால் நாற்பதரை 53 ஆகிவிடும். ஆகவே மழை ஓய்ந்தபின் ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். பளபளக்கும் புதுத் தகரம் வெயிலைத் திருப்பி எறிந்தாலும், தான் கொண்ட வெப்பத்தைக் கதிராக வெளிவிடுவதில் மிகவும் சோம்பலானது. எனவே கண்ணுக்கு வெள்ளைபோல் மின்னினும் வெள்ளைபோற் குளிராது. தடித்த கொங்கிறீற்றுத் தளமோ நண்பகல் வெப்பத்தைத் தன்னுள் வாங்கிவைத்துச் சில மணி நேரம் கழித்தே கீழே விடும். அதனாலேதான் அத்தகைய வீடுகளில் மாலைப்பொழுது மதியத்திலும் புழுங்குகின்றது.

ஐயமுள்ளோர், வேலை தொடங்குமுன், வெயில் தாழ்ந்தபின் ஒரு தகட்டுக்கு மட்டும் வெள்ளை பூசிப் பார்க்கலாம். மறுநாள் நண்பகலில் அதன் கீழும் பூசாத தகட்டின் கீழும், தொடாமலே உள்ளங்கையைக் கிட்டப் பிடித்தால், வேறுபாட்டைக் கையே சொல்லிவிடும்.