முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் போதுமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். காக்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். மகள் ஆறாம் வகுப்பு சேர வேண்டும். குழந்தைக்கு இரண்டு காதிலும் கருவி.

"ஸ்கூல்ல சேர்த்துக்கறோம்னு சொல்லிட்டாங்க டீச்சர். முதல் பெஞ்சுல உட்கார வைக்கிறோம்னு ஹெச்.எம். சொன்னாங்க. நல்ல ஸ்கூல்தானே?" என்று கேட்டான்.

உடனே "ஆமாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அதே வார்த்தையை 2004-இல் ஒரு அம்மாவிடம் நானே சொல்லியிருக்கிறேன். அன்று நான் செய்த தவறைச் சொன்னால்தான் அவனுக்குப் பதில் சொன்னதாக ஆகும். அதனால்தான் இந்தப் பதிவு.

அப்போது நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பள்ளி, எந்தப் பெண் என்று எழுதவில்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். சட்டைப்பையில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒயர். அரசு இலவசமாகக் கொடுத்த கருவி அது. முதல் பெஞ்சில் உட்கார வைத்தோம். வருகைப் பதிவேட்டில் பெயர் பக்கத்தில் சிவப்பு மையில் குறித்து வைத்தோம். வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருநாள் சிறப்பாசிரியர் வருவார், அவளைத் தனியாக அழைத்துப் போய்ப் பயிற்சி கொடுப்பார். ஆய்வுக்கு வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவள் கூட்டல், பெருக்கல் எல்லாம் சரியாகப் போடுவாள். வாக்கியக் கணக்கு வந்தால் மட்டும் தப்பாகிவிடும். ஒரு தேர்வில் கேட்டது இது: "மாலா கீதாவை விட 4 வயது இளையவள். இருவர் வயதின் கூடுதல் 20. மாலாவின் வயது என்ன?" அவள் 12, 8 என்று இரண்டு எண்களையும் சரியாகக் கண்டுபிடித்திருந்தாள். ஆனால் மாலாவுக்கு 12 என்று எழுதிவிட்டாள். நான் சிவப்பு மையால் அடித்து, "கவனம் தேவை" என்று எழுதினேன்.

கவனக் குறைவு அவளிடம் இல்லை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. தமிழில் யார் யாரை விட என்பதைச் சொல்வது "ஐ விட" என்கிற சின்னச் சேர்க்கை. பேச்சில் அது சொல்லின் கடைசியில் மெதுவாக, வேகமாக ஓடிப்போகும். காது குறைந்த குழந்தைக்கு முதலில் தொலைந்து போவது இந்த மாதிரி கடைசி ஓசைகள்தான். சின்ன வயதிலிருந்தே சரியாகக் கேட்காததால், எழுத்தில் பார்த்தாலும் அவற்றின் வேலை மனதில் பதிந்திருக்காது. அவள் படித்தது "மாலா, கீதா, 4, இளையவள், 20" என்பதை மட்டுமே. யார் இளையவள் என்பதை அவள் ஊகித்துத்தான் எழுதியிருக்கிறாள். அவளுக்குக் கணக்கு வந்தது, வாக்கியத்தில்தான் தடுக்கியது. நான் கணக்கில் மந்தம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பத்தாம் வகுப்பு முடித்து அவள் போய்விட்டாள். சில வருடம் கழித்து செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் பார்த்தேன். அவளாகவே ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு நன்றாகத் தெளிந்திருந்தது. பழைய கதை பேசும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க போர்டைப் பார்த்துக்கிட்டே பேசுவீங்க டீச்சர். நான் பக்கத்துல இருக்கிறவ நோட்டைப் பார்த்து எழுதிடுவேன்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று ரயிலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. முதல் பெஞ்சில் உட்கார வைத்தது அவள் என் உதட்டைப் பார்க்கட்டும் என்றுதான். நானோ வகுப்பு முழுவதும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு, "இதை இந்தப் பக்கம் கொண்டு போனா, இது மைனஸ் ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உதடும் தெரியாது, எது "இது" என்றும் தெரியாது. அவளை உள்ளே சேர்த்தோமே தவிர, அவளுக்காக என் பாடத்தில் ஒரு வரிகூட மாறவில்லை.

இதற்குத்தான் ஒருங்கிணைப்பு என்று பெயர். குழந்தை நம் பள்ளிக்கு வரலாம், ஆனால் பள்ளி இருக்கிறபடியேதான் இருக்கும், ஈடு கொடுப்பது குழந்தையின் பொறுப்பு. நம் நாட்டில் மத்திய அரசு 1974-இல் கொண்டுவந்த திட்டத்தின் பெயரே ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டம்தான். 1995-ஆம் வருடச் சட்டமும் சாதாரணப் பள்ளிகளில் "ஒருங்கிணைப்பது" பற்றித்தான் பேசியது. அதற்கு முன்பு இந்தக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி, இல்லையென்றால் வீடு என்றிருந்த நிலைக்கு அது பெரிய முன்னேற்றம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வார்த்தை மாறியது. உள்ளடங்கிய கல்வி என்றால் என்ன என்று அதில் விளக்கமே இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டும், அதோடு கற்பிக்கும் முறையும் அந்தப் பிள்ளைகளின் தேவைக்குத் தகுந்தபடி மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதல் பாதி வெறும் ஒருங்கிணைப்பு. (இப்போது அரசுத் திட்டத்துக்கு "ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி" என்று பெயர் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது மழலையர் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே திட்டமாகச் சேர்த்ததைக் குறிக்கிறது.)

2012-இல் இன்னொரு பையன் என் வகுப்புக்கு வந்தான். அவனுக்கும் காதில் கருவி. இந்தத் தடவை அப்போது வந்துகொண்டிருந்த சிறப்பாசிரியரிடம், "அவனைத் தனியா கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி எனக்குச் சொல்லிக் கொடும்மா" என்று கேட்டேன். என் மகள் வயதுப் பெண் அவர். நான் கற்றுக்கொண்டதில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, காலையில் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பது. கருவியைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் "கீ" என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அநேகமாக பேட்டரி தீர்ந்திருக்கும். காதில் மாட்டியிருக்கும்போதே கீச்சிட்டால், குழந்தை வளர்ந்து காது அச்சு சிறியதாகிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். பிறகு வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஓசைகளைச் சொல்ல வேண்டும், அவன் திருப்பிச் சொல்வான். லிங் என்பவர் வகுத்த சோதனை இது. இரண்டு நிமிடம் ஆகாது. நேற்று "ஸ்" கேட்டவனுக்கு இன்று கேட்கவில்லை என்றால் உடனே தெரிந்துவிடும். 2004-இல் அந்தப் பெண்ணின் பெட்டியில் செல் தீர்ந்து எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாளோ, நாங்கள் ஒருவரும் பார்த்ததில்லை.

இரண்டாவது, கருவி எல்லாச் சத்தத்தையும்தான் பெரிதாக்கும். ஃபேன், பெஞ்சு இழுக்கும் சத்தம், அரக்கோணம் லைனில் போகும் ரயில் எல்லாமே சேர்ந்து கேட்கும். அதனால் எழுதும்போது பேசக் கூடாது, எழுதி முடித்துத் திரும்பி நின்று பேச வேண்டும். ரயில் போகும்போது நிறுத்திவிட வேண்டும். பின் பெஞ்சில் இருக்கிறவன் பதில் சொன்னால் அதை நான் முன்னால் நின்று திருப்பிச் சொல்ல வேண்டும். யார் பேசினாலும் கையைத் தூக்கிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று வகுப்புக்கே ஒரு விதி வைத்தோம். அப்போதுதான் எங்கே பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

மூன்றாவது, வாக்கியக் கணக்கு. "மாலா கீதாவை விட" என்று எழுதி, "வை விட" மட்டும் வேறு நிறச் சாக்பீஸில் எழுதுவேன். கீழே கீதாவுக்கு ஒரு நீளக் கட்டம், மாலாவுக்கு 4 குறைவாக ஒரு கட்டம். யார் கட்டம் சின்னது என்று முதலில் பிள்ளைகள் சொல்ல வேண்டும், பிறகுதான் கணக்கு. அவன் மட்டும் அல்ல, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இரண்டு பேர் அந்த வகுப்பில் இருந்தார்கள். தமிழ் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்த அவர்களுக்கும் அந்தக் கட்டம்தான் வழி காட்டியது.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மற்ற பாடங்களில் சிலர் மாறவில்லை. கட்டுரை எழுதுவதில் அவன் கடைசி வரை கஷ்டப்பட்டான். சிறப்பாசிரியருக்கோ வட்டாரம் முழுக்கப் பள்ளிகள், வாரம் ஒருநாள்தான் வர முடியும். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய மாணவர்களுக்குத் தொடக்க வகுப்புகளில் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் வேண்டும் என்று சொன்னது. அது நடக்காமல் வகுப்பாசிரியர் தலையில் மட்டும் எல்லாவற்றையும் போட்டால் பழையபடி ஒருங்கிணைப்பாகத்தான் முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கருவி போட்டும் பேச்சு பிடிபடாத, சைகை மொழியில் வளர்ந்த குழந்தையை, சைகை தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத வகுப்பில் சேர்த்துவிட்டு உள்ளடக்கிவிட்டோம் என்று சொல்லக் கூடாது. அந்தக் குழந்தை நாற்பது பேர் நடுவே தனியாகத்தான் உட்கார்ந்திருக்கும். தகுந்த மொழியில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அதே 2016 சட்டம் சொல்கிறது. நம் பள்ளியில் அதற்கு ஆள் இல்லாதவரை, காது கேளாதோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

தம்பி, இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஹெச்.எம்.மிடம் "சேர்த்துக்கொள்வீர்களா" என்று மட்டும் கேட்காதே. காலையில் கருவியை யார் பார்ப்பார்கள், கணக்கு டீச்சர் எழுதிக்கொண்டே பேசுவாரா, சிறப்பாசிரியர் எந்தப் பீரியடில் அழைத்துப் போவார், அந்தப் பாடத்தைத் திரும்ப யார் நடத்துவார் என்று கேள். சேர்த்து ஒரு மாதம் கழித்து, "பாப்பா லீவு போட்ட அன்னைக்கு நீங்க பாடம் நடத்துற விதத்துல ஏதாவது மாறுமா?" என்று வகுப்பு டீச்சரிடம் கேட்டுப் பார். ஒன்றும் மாறாது என்றால், அவள் வகுப்பில் இருக்கும்போதும் அவளுக்காக ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். என்னை 2004-இல் யாராவது இப்படிக் கேட்டிருந்தால், என்னிடம் பதில் இருந்திருக்காது.

பள்ளிக்குப் போகிற அன்று சொல், நானும் வருகிறேன். மூட்டு வலி இருந்தாலும் திருவள்ளூர் வரை வர முடியும்.

அந்த எட்டாம் வகுப்புப் பெண் இதைப் படித்தால்: அந்த விடைத்தாளில் "கவனம் தேவை" என்று எழுதியது எனக்கு நானே எழுதிக்கொண்டிருக்க வேண்டியதம்மா.