ராஜினாமா கடிதத்துக்கு பதில் எழுதுவது எப்படி?

நம்ம பதிவர்கள்ல பாதிப்பேர் ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க. ராஜினாமா கடிதம் எழுதத் தெரியாதவங்க யாரும் இருக்க மாட்டீங்க :) அதுக்கு மேனேஜர் எழுதற பதில் கடிதத்தைப் பத்தித்தான் இந்தப் பதிவு. ரெண்டு பத்தி இருந்தா போதும். ஆனா அந்த ரெண்டு பத்தி சரியில்லைன்னா வழக்கு பத்து வருஷம் இழுக்கும்.

மிகையில்லை. கொங்கன் ரயில்வேல 23 வருஷம் வேலை பாத்த ஒருத்தர் 2013 டிசம்பர்ல ராஜினாமா கொடுத்தார். ஏத்துக்கிட்டதா நிர்வாகம் உள்ளுக்குள்ள ஒரு குறிப்பு எழுதி வெச்சுது. அது அவர் கைக்குப் போய்ச் சேரலை. நடுவுல வேலைக்கு வரலையேன்னு அவரைக் கூப்பிடவும் செஞ்சாங்க. 2014 மே மாசம் அவர் ராஜினாமாவை வாபஸ் வாங்கிட்டார். அதுக்கப்புறமும் ஜூலையிலிருந்து விடுவிச்சாங்க. 2024 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லிச்சு. ஃபைலுக்குள்ள கிடக்கற குறிப்பு ஏற்பு ஆகாது, ஊழியருக்குத் தெரிவிச்சாத்தான் ஏற்பு. திரும்ப வேலையும், விடுபட்ட காலத்துக்குப் பாதிச் சம்பளமும் கொடுக்கச் சொல்லிச்சு.

எங்க பக்கத்துக்கு வருவோம். கம்மாபுரம் சுத்துவட்டாரத்துல நெய்வேலி சுரங்கத்தை நம்பி நிறைய சின்ன ஒப்பந்த நிறுவனங்கள் இருக்கு. அதுல ஒண்ணுலதான் நான் மேனேஜர். எங்க ஸ்டோர்ஸ்ல இருந்த தம்பி ஒருத்தர் சென்னையில வேலை கிடைச்சு 2026 பிப்ரவரி 2 அன்னிக்கு ராஜினாமா கொடுத்தார். "சார், எப்போ விடுவீங்க?"ன்னு ஒரே கேள்விதான். புது இடத்துல தேதி சொல்லணுமே, பாவம்.

இங்கதான் கணக்கு வருது. அவரோட நியமனக் கடிதத்துல "30 நாள்"னு இருந்தது. கொடுத்த நாளை விட்டுட்டு மறுநாளிலிருந்து எண்ணினா பிப்ரவரியில 26 நாள், மார்ச்ல 4 நாள். ஆக, கடைசி நாள் மார்ச் 4. அதுவே "ஒரு மாதம்"னு இருந்திருந்தா மார்ச் 2. ரெண்டு நாள்தான் வித்தியாசம். சம்பளத்துலயும் புது வேலையில சேர்ற தேதியிலயும் அது இடிக்கும். அதனால கடிதத்துல "நோட்டீஸ் காலம் முடிந்ததும்"னு எழுதக்கூடாது, தேதியைப் போடணும். சிலர் "உடனடியாக ஏற்கப்படுகிறது"ன்னு எழுதிடறாங்க. ஏத்துக்கறது இன்னிக்கா, வேலை முடியறது இன்னிக்கான்னு யாருக்கும் புரியாது.

நான் எழுதினது இதுதான்:

"தங்களின் 02.02.2026 தேதியிட்ட ராஜினாமா ஏற்கப்படுகிறது. 04.03.2026 மாலை பணி நேரம் முடியும்போது தாங்கள் விடுவிக்கப்படுவீர்கள். 2020 ஜனவரி முதல் ஸ்டோர்ஸ் இருப்புக் கணக்கை ஒழுங்காக வைத்திருந்ததற்கும், புதிதாக வந்த இருவருக்கும் அதைக் கற்றுக் கொடுத்ததற்கும் நன்றி. 27.02.2026க்குள் இருப்புப் பதிவேட்டை ஒப்படைக்கவும். கடைசி நாளில் கேட் பாஸ், ஹெல்மெட், சாவி ஆகியவற்றைக் கொடுத்து நிலுவையில்லாச் சான்றில் கையெழுத்து பெறவும்."

நன்றியில என்ன செஞ்சார்னு சொல்லணும். "தங்களின் சேவைக்கு நன்றி"ங்கறதை வாட்ச்மேன்லேர்ந்து டைரக்டர் வரைக்கும் யாருக்கு வேணா அனுப்பலாம். பதிவேட்டை ஒப்படைக்க கடைசி நாளை வைக்காம 27ஆம் தேதி வெச்சதுக்கும் காரணம் உண்டு. எண்ணிப் பாத்து ரெண்டு போல்ட் பெட்டி குறைஞ்சா தேட மூணு வேலை நாளாவது கையில இருக்கணும்.

அடுத்தது காசு. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, விலகின ரெண்டு வேலை நாளுக்குள்ள சம்பள பாக்கியைக் கொடுத்துடணும். எங்க கணக்குல மார்ச் 6. "அடுத்த மாச சம்பளத்தோட வரும்ப்பா"ங்கற பழைய பாட்டு இனி செல்லாது. கிராஜுவிட்டிக்கு 30 நாள் அவகாசம். தம்பியோட சர்வீஸ் 6 வருஷம் 2 மாசம். ஆறு மாசத்துக்கு மேல இருந்தாத்தான் அடுத்த வருஷமா சேரும், அதனால 6. கடைசி அடிப்படையும் பஞ்சப்படியும் 18,200 ரூபாய். அதை 26ஆல வகுத்தா 700, பதினஞ்சு நாளுக்கு 10,500, ஆறு வருஷத்துக்கு 63,000.

இன்னொண்ணு, பி.எஃப். தளத்துல விலகிய தேதியை நிறுவனம் ஏத்தணும். ஏத்தலைன்னா பணத்தை எடுக்கப் போறப்ப அங்க மாட்டிக்கும். கடைசிச் சந்தா கட்டி ரெண்டு மாசம் கழிச்சு ஊழியரே போட்டுக்க வழி இருக்கு. ஆனா அவரை ஏன் அலைய விடணும்?

கடிதம் ரெண்டு பிரதி எடுத்தேன். ஒண்ணு அவருக்கு. இன்னொண்ணுல "பெற்றுக்கொண்டேன்"னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி ஃபைல்ல வெச்சாச்சு. தம்பி அன்னிக்கு சாயங்காலமே சென்னைக்கு ஃபோன் போட்டு மார்ச் 5 சேர்றேன்னு சொல்லிட்டார்.