பில்லின் முதல் எண்

அருப்புக்கோட்டையில் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கும் என் தங்கை மகன், போன வருஷம் ஒரு பை நிறைய பில்களைப் பாளையம்பட்டிக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "மாமா, மேனேஜர் மேல சந்தேகமா இருக்கு. பன்னிரண்டு வருஷமா இருக்கிற ஆள். நிறுத்திடலாமான்னு யோசிக்கிறேன். நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

ஒரு வருஷத்துச் செலவு பில்கள், மொத்தம் 600. ஒவ்வொன்றாகப் படிக்கும் முன் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு தொகையின் முதல் எண்ணை மட்டும் பார்த்து, 1 முதல் 9 வரை கோடு போட்டு எண்ணினேன். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் எக்செலில் `=LEFT(A2,1)` என்று கொடுத்தால் அதே வேலை நொடியில் முடியும்.

ஒன்பது எண்களும் சமமாக வரும் என்றுதான் தோன்றும். அப்படி வராது. 100 ரூபாயைப் பத்து சதவீதக் கூட்டு வட்டிக்கு விட்டால் ஆயிரமாக ஏறக்குறைய 24 வருஷம் ஆகும். அதில் முதல் 7 வருஷம் தொகை 100-க்கும் 200-க்கும் இடையில், அதாவது 1-இல் தொடங்கியபடியே இருக்கும். 900-இலிருந்து ஆயிரத்தைத் தொட ஒரு வருஷத்துக்குச் சற்றுக் கூடுதலே ஆகும். இயல்பாகச் சேரும் தொகைகளும் பெரும்பாலும் இப்படித்தான் அமைகின்றன. நூற்றுக்கு 30 தொகை 1-இல் தொடங்கும். 4-இல் தொடங்குவது பத்துக்குச் சற்றுக் குறைவு. 9-இல் தொடங்குவது ஐந்துகூட இருக்காது.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் பெருக்கல் வகுத்தலுக்கு மடக்கை அட்டவணைப் புத்தகத்தைத்தான் புரட்டுவோம். அப்படிப்பட்ட புத்தகத்தில் முதல் பக்கங்களே அதிகம் அழுக்கேறித் தேய்ந்திருப்பதை அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகம் 1881-இல் கவனித்து எழுதினார். பென்ஃபோர்டு என்ற இயற்பியலாளர் 1938-இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட எண்களைத் திரட்டி அதைக் காட்டியதால் விதிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

பொய்த்தொகை எழுதுகிறவனுக்கு இந்த அமைப்பு கைவராது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலக் கருவூலத்தில் மேலாளராக இருந்த ஒருவர் 1992-இல் 23 காசோலைகள் வழியாக ஏறக்குறைய 19 லட்சம் டாலரைத் திருப்பிவிட்டார். முழுத் தொகை எதுவும் இல்லை, எல்லாவற்றிலும் சில்லறை உண்டு, ஒரு தொகை மறுமுறை வரவும் இல்லை. ஆனால் பத்தில் ஒன்பதுக்கு மேல் 7, 8, 9-இல் தொடங்கின. பெரும்பாலானவை ஒரு லட்சம் டாலருக்குச் சற்றுக் கீழே நின்றன. கணக்கியல் பேராசிரியர் மார்க் நிக்ரினி பிற்பாடு இதைத் தணிக்கையாளர்களுக்கு எடுத்துக்காட்டாக்கினார்.

எங்கள் 600 பில்லில் 4-இல் தொடங்குபவை 58 அளவில் இருக்க வேண்டும். இருந்தவை 131. மருமகன் முகம் சிவந்துவிட்டது. "பொறுப்பா" என்று சொல்லி அந்த 131-ஐத் தனியாக எடுத்தேன். 64 பில் ஒரே தொகை, 450 ரூபாய். டிராக்டர் தண்ணீர் ஒரு நடைக்கு. நம் ஊர் வறட்சிதான் அங்கே தெரிந்தது, திருட்டு இல்லை.

அவற்றை நீக்கினால் மீதி 536 பில்லில் 4-இல் தொடங்குபவை 67. 52 இருக்கலாம், கொஞ்சம்தான் கூடுதல். எனவே முதல் இரண்டு எண்களைப் பார்த்தேன். 48, 49 என்று தொடங்குபவை சுமார் 10 இருக்க வேண்டிய இடத்தில் 22 இருந்தன. மேனேஜர் தன் கையெழுத்தில் 5,000 ரூபாய்க்குள்தான் செலவு செய்யலாம் என்றான் மருமகன். இனி எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அந்த 22-இல் ஆறு ஜோடிகள் ஒரே கடை, ஒரே தேதி, அடுத்தடுத்த நம்பர். 9,760 ரூபாய்ச் சரக்கு 4,900, 4,860 என்று இரண்டு பில்லாகியிருந்தது.

சரக்கு வந்ததா என்று ஸ்டாக் புத்தகத்தைப் பார்த்தோம். எல்லாம் வரவு வைத்திருந்தது. கடைக்காரரின் நகலும் ஒத்துப்போனது. மருமகன் மாதத்தில் பாதி நாள் வெளியூர். கையெழுத்துக்குக் காத்திருந்தால் தறி நிற்கும் என்று மேனேஜர் பில்லை உடைத்திருக்கிறார். அரசு அலுவலகத்தில் நஷ்டமே இல்லாவிட்டாலும் இது தணிக்கை ஆட்சேபணைதான். மருமகன் வரம்பைப் பத்தாயிரமாக்கினான், பில்லை உடைக்கக் கூடாது என்றான். மேனேஜர் இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

இந்த முறை எல்லாவற்றுக்கும் உதவாது. சில நூறு பில்லாவது வேண்டும், தொகைகள் பத்து ரூபாயிலிருந்து லட்சம் வரை பரந்திருக்க வேண்டும். சம்பளப் பட்டியலுக்கும் நிர்ணய விலைக்கும் பொருந்தாது. எல்லா பில்லிலும் ஒரே மாதிரி பத்து சதவீதம் ஏற்றி எழுதினால் இந்தக் கணக்கு கண்டுபிடிக்காது, ஏனென்றால் எல்லாத் தொகையையும் ஒரே எண்ணால் பெருக்கினால் அமைப்பு மாறாது. அதைக் கடையில் விலை விசாரித்துத்தான் பிடிக்க வேண்டும். 600 பில்லில் எந்த 22-ஐ முதலில் கையில் எடுப்பது என்பதை மட்டும் அது சொல்லும். மீதியை ஸ்டாக் புத்தகத்திடமும் ஆளிடமும் கேட்ட பிறகுதான் தீர்ப்பு.