அம்மாவுக்கு நான் சொன்ன தப்புக் கணக்கு

போன செமஸ்டர் லீவுக்கு முன்னாடி அம்மா ஒரு போட்டோ அனுப்பினாங்க. மடிச்சு வச்சிருந்த மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட். "வருஷத்துக்கு எவ்ளோ வருதுன்னு பாருடா. கம்மின்னா எடுத்துச் சீட்டுல போட்டுடறேன்."

மூன்று தவணை. 2022, 2023, 2024 என ஒவ்வொரு ஜனவரி 10-ம் தேதியும் 20,000 ரூபாய். யூனிட் விலை முறையே 40, அடுத்தது மடிப்பில் மங்கலாக 50-ஆ 60-ஆ தெரியல, மூன்றாவது 62.50. 2025 ஜனவரி 10-ல் விலை 64, மொத்த மதிப்பு 78,076.

மங்கலான எண்ணை ஊகிக்கத் தேவையில்லைங்க. கட்டின பணத்தில் முத்திரைத் தீர்வை 0.005%, அதாவது ஒரு ரூபாய் கழியும். மீதி 19,999-ஐ பக்கத்திலிருந்த 399.980 யூனிட்டால் வகுத்தேன். சரியா 50. தேதி மங்கலா இருந்தா ஆம்ஃபி இணையதளத்தில் அந்த நாளின் விலையைத் தேடி ஒப்பிடலாம்.

அதுவரை சரி. அப்புறம்தான் சொதப்பினேன். 60,000-க்கு லாபம் 18,076, அதாவது 30%. மூணு வருஷத்தால் வகுத்து "10% தாம்மா" என்றேன். "அப்போ எடுத்துடலாம்" என்றார்.

ராத்திரி தூக்கம் வரல. முழு 60,000-மும் மூணு வருஷம் உள்ளே இருந்ததா என்ன? முதல் தவணை மட்டும்தான் மூணு வருஷம். அடுத்தது ரெண்டு, கடைசி ஒண்ணு. ஒவ்வொரு தவணைக்கும் அதன் வயதைக் கணக்கில் எடுப்பதுதான் XIRR. ஷீட்டில் A-யில் தேதி, B-யில் தொகை. கட்டினது மைனஸ், இன்றைய மதிப்பு பிளஸ்:

```
2022-01-10   -20000
2023-01-10   -20000
2024-01-10   -20000
2025-01-10    78076

=XIRR(B1:B4, A1:A4)
```

விடை சுமார் 13.7%. மைனஸ் மறந்தா `#NUM!` வரும். தேதியை இப்படி வருஷத்தை முன்னால் வைத்தே போடுங்க. 10-01 என்றால் சில ஷீட் அதை அக்டோபர் 1 என்று படித்துவிடும்.

விடையை நம்பலாமான்னு ஒரு குறுக்குச் சோதனை: பணம் சராசரியாக உள்ளே இருந்தது ரெண்டு வருஷம். 1.30-ன் வர்க்கமூலம் 1.14, அதாவது 14%. பக்கத்தில் வந்துடுச்சு.

காலையில் போன் பண்ணி, "நான் சொன்னது தப்பும்மா, கிட்டத்தட்ட 14" என்றேன். இது இதுவரை வந்த கணக்கு, இனிமேலும் இதே வரும்னு இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நல்லவேளை, பாரம் இன்னும் குடுக்கல" என்றார்.

உங்க வீட்டு ஸ்டேட்மென்ட் வந்தா, வகுக்குறதுக்கு முன்னாடி தேதிகளைப் பாருங்க.