சிக்கிய வேலையை யார் மீட்பது?

போலிங்கை விட்டு நிர்வகிக்கப்படும் கியூவுக்கு மாறும் குழுக்கள், முடிவுப் பதிவில் பெரும்பாலும் டேட்டாபேஸின் சுமையைத்தான் காரணமாக எழுதுகின்றன. அது நிற்காத காரணம். மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். ஆர்டர் வந்ததும் பில்லை பி.டி.எஃப். ஆக்கி மெயில் அனுப்ப வேண்டும். ஒரு வொர்க்கர் 5 விநாடிக்கு ஒருமுறை டேபிளில் `pending` வரிகளைத் தேடினால் நாளொன்றுக்கு 17,280 தேடல்கள். இண்டெக்ஸ் சரியாக இருந்தால் போஸ்ட்கிரெஸுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அமேசானின் எஸ்.க்யூ.எஸ்.ஸிலும் வொர்க்கர்தான் போய்க் கேட்டு வாங்குகிறது. ஒரு கேள்வியோடு 20 விநாடி வரை அங்கேயே காத்திருக்கலாம், அவ்வளவுதான்.

உண்மையான காரணம், பாதியில் நின்றுபோகும் வேலை. வொர்க்கர் ஒரு வரியை `processing` என்று மாற்றிவிட்டுச் செத்துப்போனால், அந்த வரி அப்படியே கிடக்கும். பில் வராத வாடிக்கையாளர் கூப்பிடும்போதுதான் தெரியவரும். இதற்கு `FOR UPDATE SKIP LOCKED` போதுமே என்பது நியாயமான மறுப்பு. வொர்க்கர் செத்தால் பூட்டு தானாக விடுபடும், உண்மைதான். ஆனால் பி.டி.எஃப். தயாராக 40 விநாடி ஆனால், டிரான்சாக்‌ஷனும் அவ்வளவு நேரம் திறந்தே இருக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், வொர்க்கரையே வீழ்த்தும் கோளாறான ஆர்டர். எத்தனை முறை முயன்றோம் என்ற கணக்கை அதே டிரான்சாக்‌ஷனில் எழுதினால், அதுவும் சேர்ந்தே அழிந்துவிடும்; வொர்க்கர் எழுந்து மறுபடி அதே வரியில் விழும். கணக்கைத் தனியே எழுதலாம், காலக்கெடு வைக்கலாம், தோற்றவற்றை ஒதுக்கலாம். அதற்குள் குழு சொந்தமாக ஒரு கியூவை எழுதி முடித்திருக்கும். பராமரிப்பதும் அந்த மூன்று பேர்தான். எஸ்.க்யூ.எஸ்.ஸில் இந்தக் கணக்கு கியூவின் பொறுப்பு. `maxReceiveCount` ஐந்து என்று வைத்தால், அதற்குமேலும் தேறாத செய்தி தனிக் கியூவுக்கு ஒதுக்கப்படும். அங்கே ஒன்று விழுந்தாலும் அலாரம் அடிக்கும்படி வைத்துவிடலாம்.

இதற்குக் கொடுக்கும் விலையையும் பதிவு மறைக்கக் கூடாது. எடுத்த செய்தி மற்றவர் கண்ணில் படாமல் இருப்பது, மாற்றாவிட்டால், 30 விநாடிதான். 40 விநாடி வேலையை இரண்டாவது வொர்க்கரும் எடுத்துக்கொள்ளும். அந்த மறைவு நேரத்தை 3 நிமிடமாக்கினாலும், சாதாரணக் கியூவில் ஒரே செய்தி அபூர்வமாக இருமுறை வரலாம். ஆகவே ஆர்டர் எண்ணுக்கு ஒரே பில் என்ற கட்டுப்பாடு டேட்டாபேஸில் இருந்தே ஆக வேண்டும். இன்னொன்று, ஆர்டரைச் சேமித்ததற்கும் கியூவுக்கு அனுப்புவதற்கும் இடையில் நிரல் விழுந்தால், செய்தியே போயிருக்காது. டேபிள் முறையில் இந்த ஓட்டை இல்லை. பில் இல்லாத ஆர்டர்களை மணிக்கொருமுறை தேடி மறுபடி அனுப்பினால் அடைபடும். அந்த அளவுக்குப் போலிங் மிஞ்சத்தான் செய்யும். பில் ஒரு மணி நேரம் தாமதித்தால் பாதகமில்லை என்பதால்தான் இது செல்லுபடியாகிறது. அந்தத் தாமதம் கூடாது என்ற நாள் வந்தால் முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். பதிவின் ‘விளைவுகள்’ பகுதியில் இந்த நிபந்தனையையும் எழுதிவைக்க வேண்டும்.