அசைன்மென்ட் எழுதிக் கொடுப்பவரும், எழுதித் தள்ளும் மெஷினும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆங்கிலம் படிப்பிக்கிற எங்களைத் தேடி, ஏ/எல் முடித்து தனியார் கெம்பஸுகளுக்குப் போன பழைய பிள்ளைகள் அடிக்கடி வருகிறார்கள். முன்பெல்லாம் அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "டீச்சர், அசைன்மென்ட் எழுதித் தாற ஆக்கள் யாரையும் தெரியுமா?" இப்போது இன்னொன்றும் கேட்கிறார்கள்: "நானே எழுதினது டீச்சர், ஏஐ எண்டு ரிப்போர்ட் வந்திருக்கு, என்ன செய்யிற?"

இரண்டும் ஒரே களவின் இரண்டு வகை என்றுதான் பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். சட்டத்திலும் தண்டனையிலும், எல்லாவற்றையும் விட அகப்படும் விதத்திலும், இரண்டுக்கும் வித்தியாசம் நிறைய. அது தெரியாததால் நம் பிள்ளைகள் சிலர் வீணாகப் பயப்படுகிறார்கள். வேறு சிலர் வீணாகத் துணிந்துவிடுகிறார்கள்.

முதலில் காசுக்கு எழுதும் பழைய தொழில். இதற்கு ஆங்கிலத்தில் 'கொன்ட்ராக்ட் சீட்டிங்' என்று பெயர் வைத்தவர்கள் பிரித்தானிய ஆய்வாளர்களான ரொபர்ட் கிளார்க்கும் தோமஸ் லங்காஸ்டரும். அது 2006இல். அவுஸ்திரேலியா 2020இலும் இங்கிலாந்து 2022இலும் இந்த வியாபாரத்தையே சட்டப்படி குற்றமாக்கின. அந்தச் சட்டங்கள் பிடிக்கப் பார்ப்பது விற்பவரையும் விளம்பரம் போடுபவரையும்தான். வாங்கிய மாணவனைக் கவனிப்பது பல்கலைக்கழகத்தின் ஒழுங்குவிதி. அந்த விதிகளில் பெரும்பாலும் மிகக் கடுமையான வரிசையில் இருப்பது இதுதான், பதிவையே ரத்துச் செய்யும் அளவுக்கு. காசு கைமாறியிருக்க வேண்டும் என்பதும் இல்லை. வேறொருவர் எழுதியதைத் தன்னுடையது என்று கொடுத்தாலே போதும். சும்மா எழுதிக் கொடுத்த சாச்சியின் மகளும் இந்த விதிக்குள் வருவா என்பது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது.

இவ்வளவு கடுமையான விதி இருந்தும் பலர் அகப்படாமல் போகிறார்கள். காரணம் எளிமையானது. டர்னிட்டின் போன்ற மென்பொருளின் பழைய வேலை, கொடுத்த கட்டுரையை ஏற்கெனவே உள்ள இணையப்பக்கங்கள், சஞ்சிகைகள், மற்ற மாணவர்களின் கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. கொப்பி அடித்தால் பொருந்தும். காசு வாங்கியவர் புதிதாக உட்கார்ந்து எழுதினால் பொருந்துவதற்கு எதுவும் இல்லை. அந்த எழுத்து உண்மையிலேயே ஒரு மனிதரின் சொந்த எழுத்து. பொய்யாக இருப்பது மேலே உள்ள பெயர் மட்டும்தான்.

ஆகவே அதற்கான சாட்சியைக் கட்டுரைக்கு வெளியேதான் தேட வேண்டும். பரீட்சை மண்டபத்தில் ஒரு பந்தி ஒழுங்காக எழுத முடியாத பிள்ளை, வீட்டிலிருந்து அருமையான ஆங்கிலத்தில் அனுப்பினால் விரிவுரையாளருக்குச் சந்தேகம் வரும். வேர்ட் கோப்பின் தகவல் பக்கத்தில் எழுதியவர் பெயராக வேறொருவர் பெயர் இருக்கும். மூவாயிரம் சொல் கட்டுரையில் வேலை செய்த மொத்த நேரம் சில நிமிடங்கள் என்று காட்டும். (வேறு இடத்தில் தட்டச்சு செய்து கொண்டுவந்து ஒட்டினாலும் அப்படித்தான் காட்டும், அதனால் அது மட்டும் போதாது.) கடைசியில் வங்கிச் சிலிப், வட்ஸ்அப் உரையாடல். இவற்றில் சில எழுதிக் கொடுத்தவரிடமிருந்தே வருவதும் உண்டு. மேலதிகக் காசு கேட்பார், கொடுக்காவிட்டால் கெம்பஸுக்கு அறிவிப்பேன் என்பார். இப்படி மிரட்டுவது இந்தத் தொழிலில் பல நாடுகளில் பதிவான விஷயம். டிகிரி எடுத்துப் போன பிறகும் அந்த மெசேஜ் வரலாம்.

மெஷின் எழுத்து இதற்கு நேர் எதிர். அங்கே காசு கொடுத்த தடம் இல்லை, இன்னொரு ஆளும் இல்லை. சந்தேகம் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. இந்த மென்பொருள்கள் அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக் கணித்து எழுதுகின்றன. 'வானம் இருண்டு மழை' என்று வந்தால் 'பெய்தது' என்பதைத் தெரிவு செய்யும் வாய்ப்பு அதிகம். ஆகவே கண்டுபிடிக்கும் கருவிகள் பல, ஒரு கட்டுரையின் சொற்கள் எவ்வளவு எதிர்பார்த்தபடியே வருகின்றன என்பதை அளக்கின்றன. அளவுக்கு மீறி எதிர்பார்த்தபடி வந்தால் மெஷின் என்கின்றன. வருகிற விடை ஒரு சாத்தியக்கணிப்பு. கொப்பி அடித்ததற்கு மூலத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். இதற்கு அப்படி எதையும் காட்ட முடியாது.

எங்களுக்குக் கவலை இங்கேதான். எதிர்பார்த்தபடி எழுதுவது மெஷின் மட்டுமல்ல. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படித்த பிள்ளையும் அப்படித்தான் எழுதுகிறது. 'ஃபர்தர்மோர்', 'இன் கொன்குளுஷன்', 'பிளேஸ் எ வைட்டல் ரோல்' என்று பாதுகாப்பான சொற்றொடர்களைப் படிப்பித்ததும் நாங்கள்தானே. 2023இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் பரீட்சைக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை மெஷின் எழுத்து என்று வந்தன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அந்தப் பிழை மிகக் குறைவு. சொல்வளத்தை மாற்றிக் கொடுத்ததும் டோஃபல் கட்டுரைகளும் பெரும்பாலும் தப்பிவிட்டன. அன்றைக்கு இருந்த கருவிகளை வைத்துச் செய்த ஆய்வு இது, அதன் பிறகு கருவிகள் மாறியிருக்கின்றன. ஆனால் அளக்கும் அடிப்படையின் பலவீனம் என்ன என்பதை அது தெளிவாகக் காட்டியது.

அதே வருடம் ஓப்பன்ஏஐ தன் சொந்தக் கண்டுபிடிப்புக் கருவியையே, துல்லியம் போதாது என்று சொல்லித் திரும்ப எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிட்டினின் ஏஐ பகுதியை நிறுத்தியது. அவர்கள் போட்ட கணக்கு இது: 2022இல் அங்கே டர்னிட்டினில் போட்ட கட்டுரைகள் 75,000. நூற்றுக்கு ஒன்று பிழைத்தாலும் 750 பேர்மேல் அநியாயப் பழி. டர்னிட்டினே தன் எண்ணை மட்டும் வைத்து ஒரு மாணவனைத் தண்டிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

கொட்டாஞ்சேனையில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை. மார்க்கட்டிங் அசைன்மென்டில் பாதிக்கு மேல் ஏஐ என்று ரிப்போர்ட் வந்து, விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. உம்மா அழுதுகொண்டு வந்தா. நல்ல காலம், பிள்ளை கூகுள் டொக்ஸில் எழுதியிருந்தது. அதில் திருத்த வரலாற்றைத் திறந்தால், எந்த நாள் எந்த வாக்கியம் வந்தது, எது அழிந்தது எல்லாம் தெரியும். ஒன்பது நாள் எழுதிய தடம் இருந்தது, முதல் நாளின் எழுத்துப்பிழைகள் உட்பட. விசாரணையில் அதைக் காட்டினா. பிறகு, ஏன் இந்தக் கம்பனியைத் தெரிவு செய்தாய், இந்த அட்டவணைக்கு எண்களை எங்கே எடுத்தாய் என்று வாய்மொழியாகக் கேட்டார்கள். பதில் சொன்னா. விட்டுவிட்டார்கள். அதே வகுப்பில் காசு கொடுத்து எழுதுவித்தவரின் ரிப்போர்ட் சுத்தமாக வந்ததாம். அதைச் சொல்லும்போதுதான் பிள்ளைக்குக் கோபம் வந்தது.

அந்தச் சுத்தமும் இனி நிச்சயமில்லை. காசு வாங்குபவர்களில் சிலர் இப்போது தாங்களே மெஷினில் எடுத்து, அங்கிங்கே சொல் மாற்றி விற்கிறார்கள். வாங்கியவருக்கு இரண்டு ஆபத்தும் ஒன்றாகக் கிடைக்கிறது. இல்லாத புத்தகங்களும் இல்லாத கட்டுரைகளும் உசாத்துணைப் பட்டியலில் நிற்கும், அவற்றை நூலகத்தில் தேடினாலே விஷயம் வெளியே வந்துவிடும். ஏஐயை அறிவித்துவிட்டு ஓரளவு பாவிக்க விடும் கெம்பஸ் பல உண்டு. இன்னொருவர் எழுதித் தந்ததற்கு அப்படி ஒரு சலுகையும் கிடையாது. மெஷினில் எடுத்து எழுதியவர் விற்றாலும் விதிப்படி அது இன்னொருவர் எழுதிக் கொடுத்த கணக்கில்தான் சேரும்.

எங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான். கெம்பஸ் தந்த கையேட்டில் ஏஐ பற்றிய பக்கத்தை எழுதத் தொடங்கும் முன்பே வாசியுங்கள். திருத்த வரலாறு நிற்கும் இடத்தில் எழுதுங்கள், கையால் எடுத்த குறிப்புகளை எறியாதீர்கள். ரிப்போர்ட் வந்தால், "நான் செய்யவில்லை" என்பதோடு நிற்காமல், அந்த எண் ஒரு கணிப்பு என்பதை மரியாதையாக எழுத்தில் சொல்லி, வாய்மொழியாகக் கேள்வி கேட்கும்படி நீங்களே கோருங்கள். பெற்றோருக்கு ஒன்று: பிள்ளையின் முதல் வரைவில் பிழை இருக்கிறது என்று வெட்கப்பட்டு அழிக்கச் சொல்ல வேண்டாம்.

(கெம்பஸில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இதைப் பகிருங்கள். அனுபவம் உள்ளவர்கள் கெம்பஸின் பெயர் போடாமல் கீழே எழுதுங்கள்.)