1841 என்று எழுதிய புத்தகம்

ஒரு கல்லூரி நூலகத்தில் பல வருடங்கள் புத்தகப் பட்டியல் எழுதியவள் நான். பழைய புத்தகம் கைக்கு வந்தால் தலைப்பைக்கூட அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் அட்டையைத் திறந்து, உள்தாளில் யார் பெயர் இருக்கிறது, தேதி, ஊர் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுவேன். அந்தப் பழக்கத்தில்தான் சார்லஸ் டார்வினின் சொந்த நூலகத்துக்குள் நுழைந்தேன்.

அவருடைய புத்தகங்களில் பெரும்பகுதி கேம்பிரிட்ஜில் இருக்கிறது. 1908-லேயே அதற்கு ஒரு பட்டியல் அச்சாகிவிட்டது. ஓரங்களில் அவர் எழுதிய குறிப்புகளைத் தொகுத்து 1990-ல் தனியாக ஒரு தடித்த புத்தகம் வந்தது. இப்போது அந்தப் பக்கங்கள் பலவற்றை செல்போனிலேயே புரட்டலாம்.

22 வயதில் 'பீகிள்' கப்பலில் ஏறப்போகும் டார்வினுக்கு, அவருடைய பேராசிரியர் ஹென்ஸ்லோ ஒரு புத்தகம் பரிசளித்தார். தென் அமெரிக்காவைச் சுற்றிய ஹம்போல்ட்டின் பயண நூல். உள்ளே 1831 செப்டம்பர் 21 என்று தேதி போட்டு, உலகைச் சுற்றப் புறப்படும் நண்பனுக்கு என்று எழுதித் தந்திருக்கிறார். மாணவனை நண்பன் என்று எழுதிய அந்த மனசு எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது, லயல் எழுதிய நிலவியல் நூல். முதல் பாகம் கப்பல் கேப்டன் ஃபிட்ஸ்ராய் கொடுத்தது என்று டார்வினே அதில் எழுதிவைத்திருக்கிறார். இரண்டாம் பாகத்தில் 'மான்டிவிடியோ, நவம்பர் 1832' என்று இருக்கிறது. அதாவது, நடுவழியில் தென் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் கைக்கு வந்தது. இந்த ஒரு வரி ஏன் முக்கியம் தெரியுமா? உயிரினங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறும் என்ற லாமார்க்கின் கருத்தை லயல் விரிவாகச் சொல்லி மறுப்பது அந்த இரண்டாம் பாகத்தில்தான். பிற்காலத்தில் அந்த மாற்றத்தை உலகுக்கு விளக்கப்போகிறவரின் கையில், 23 வயதில், அதற்கு எதிரான வாதம் இருந்திருக்கிறது!

இதுவரை எல்லாம் சுலபம். சிக்கல் மால்தஸிடம் வருகிறது.

உணவு பெருகுவதைவிட வேகமாக மக்கள்தொகை பெருகும் என்று சொன்ன மால்தஸின் நூல்தான், 'பிழைப்பதற்கான போராட்டம்' என்ற எண்ணத்தை டார்வினுக்குத் தெளிவாக்கியது. அவருடைய அலமாரியில் இருந்த பிரதி 1826-ல் அச்சான ஆறாம் பதிப்பு. அதில் அவர் எழுதியிருப்பது: 'ஏப்ரல் 1841'. பட்டியலை மட்டும் பார்ப்பவர் என்ன நினைப்பார்? 32 வயதில்தான் மால்தஸைப் படித்தார், அடுத்த வருடமே, 1842-ல், தன் கொள்கையின் முதல் வரைவை பென்சிலில் எழுதிவிட்டார் என்றுதானே? கதை கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் தவறு.

அவருடைய இன்னொரு பழக்கம் இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்கிறது. படித்த புத்தகங்களை நோட்டில் தேதியோடு குறித்துவைப்பார். அதில் 1838 அக்டோபர் 3-க்கு நேராக மால்தஸ் இருக்கிறார். அதோடு, யோசனைகளை எழுதும் வேறொரு நோட்டில், 1838 செப்டம்பர் 28-ம் தேதிக் குறிப்பிலேயே மால்தஸ் வந்துவிடுகிறார். ஆக, முதலில் படித்தது வேறொரு பிரதியை. சொந்தமாக ஒன்று வைத்துக்கொண்டது இரண்டரை வருடம் கழித்து. இடையில் இருந்த காலமெல்லாம் அந்த எண்ணத்தை மனதில் போட்டு அரைத்த காலம். அதைப் பட்டியல் விழுங்கிவிடுகிறது.

இரவல் வாங்கிப் படித்தது அலமாரியில் தடம் விடாது. இளம் வயதில் யாரிடம்தான் காசு இருக்கிறது? அப்போது படித்ததில் பாதி இரவல்தானே. ஓரக் குறிப்பிலும் இதே ஆபத்து உண்டு. புத்தகத்தில் இருக்கும் தேதி வாங்கிய தேதி. குறிப்பு எழுதியது பத்து வருடம் கழித்தும் இருக்கலாம். அந்தக் குறிப்பு பின்னால் வெளியான ஒரு நூலைக் குறிப்பிட்டால், பின்னால் எழுதியது என்று பிடித்துவிடலாம். வெறும் கோடு மட்டும் என்றால் ஒன்றும் சொல்ல முடியாது.

நல்லவேளை, டார்வின் ஒளிவுமறைவு இல்லாத வாசகர். கனமான புத்தகத்தைக் கையில் பிடிக்க வசதியாக இரண்டாகக் கிழித்துக்கொள்வாராம் (நூலகத்துக்காரி நெஞ்சு பதறுகிறது!). தனக்குத் தேவையானதை எல்லாம் புத்தகத்தின் கடைசியில் பக்க எண்ணோடு பட்டியலாக எழுதிவைப்பார். ஒன்றுமே தேறவில்லை என்றால் அங்கே ஒரு பூஜ்யம். சிலவற்றில், படிக்கவில்லை என்றோ, மேலோட்டமாகத்தான் பார்த்தேன் என்றோ அவரே எழுதிவிடுவார் என்று அவர் மகன் பிரான்சிஸ் பதிவுசெய்திருக்கிறார்.